எந்தத் திகதியை நீடிக்கச் சொல்கிறாய்?

2025 யூன் மாதம், கச்சான் காற்று வீட்டுக் கதவையெல்லாம் அடித்துச் சாத்திக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைப் பின்னேரம், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்கிறவள். ரொறன்ரோவில் தமிழ்ப் பாடநூல்களை அச்சிடுகிற அமைப்பு ஒன்றுக்கு நான்காம் ஆண்டு நூலை முடித்துக் கொடுத்திருந்தாள். 96 பக்கம், பக்கத்துக்கு 6 கனடிய டொலர், ஆக 576 டொலர். அந்தப் பணம் தொடர்பாக அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தாள்.

"அன்ரி, எழுத்துப் பிழை இருக்கா எண்டு மட்டும் பாருங்க. இண்டைக்கே அனுப்பணும்."

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாகப் புரூப் பார்க்கிறேன். முதலில் ஒரு அச்சகத்தில் பார்த்தேன், இப்போது வீட்டில். நூல், கல்யாண அழைப்பிதழ், கோயில் மலர், நினைவு மலர் என்று எல்லாம் கைக்கு வந்திருக்கிறது. தவணை கேட்டு எழுதிய கடிதம் ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னபடி எழுத்துப் பிழை மட்டும் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் கடிதத்தின் நடுவில் இருந்த இந்த வசனம் என்னைப் போகவிடவில்லை:

"நான்காம் ஆண்டு நூலின் பக்க வடிவமைப்புக்காக நான் தங்களுக்கு அனுப்பவேண்டிய பற்றுச்சீட்டின் இறுதித் திகதியை, எனது வங்கிக் கணக்கில் பெயர் மாற்றம் செய்யவேண்டியிருப்பதாலும் கண்ணகி அம்மன் சடங்கு காரணமாக வங்கிக்கு உரிய நேரத்தில் செல்ல முடியாமற் போனதாலும், எதிர்வரும் 24ஆம் திகதி வரை நீடித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒற்றுப் பிழை இல்லை. புணர்ச்சி சரி. பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகக் கொடுத்திருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும். ஆனாலும் இதை அப்படியே அனுப்பியிருந்தால் அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் பிந்தியிருக்கும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் செய்கிற வேலை ஒன்று உண்டு. எழுதியவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன், விஷயமே தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுவேன். விளக்கம் கேட்டுவிட்டால் என் கண்ணும் எழுதியவரின் கண் மாதிரியே ஆகிவிடும், பிறகு பிழை தெரியாது. அன்றைக்கு என் தம்பி திண்ணையில் இருந்தான். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவன். வசனத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளை என்ன கேட்கிறா?" என்றேன்.

"காசைப் பிந்தித் தந்தாலும் சரி எண்டு சொல்றா. 24 மட்டும் பொறுக்கிறாவாம். ஆனா பற்றுச்சீட்டு எண்டு கிடக்கு. அப்ப காசு வந்திட்டுதோ?"

பிள்ளை திடுக்கிட்டுப் போனாள். "இல்ல மாமா, எனக்குக் காசு இந்த மாசமே வேணும்! நான் இன்வொய்ஸ் அனுப்பத்தான் நாலு நாள் கேட்கிறன்."

இரண்டு திகதிகள் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. இதைப் பிரித்து விளங்கிக்கொள்ள அந்த அமைப்பு முன்பு அனுப்பிய கடிதத்தை எடுக்கச் சொன்னேன். அதில் தெளிவாகவே இருந்தது: இன்வொய்ஸ்களை ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி மாலை 5 மணிக்குள் அனுப்பவேண்டும், அப்படி வந்தவற்றுக்கு அந்த மாதத்தின் கடைசி வேலைநாளில் பணம் அனுப்பப்படும், பிந்தி வந்தால் அடுத்த மாதக் கணக்கில் சேரும், வங்கி விபரம் முழுமையாக இல்லாத இன்வொய்ஸ் ஏற்கப்படமாட்டாது. ஆக, இன்வொய்ஸை அவள் அனுப்பவேண்டிய கடைசி நாள் ஒன்று, பணத்தை அவர்கள் செலுத்தவேண்டிய கடைசி நாள் இன்னொன்று. முதலாவது 20 யூன், வெள்ளிக்கிழமை. இரண்டாவது 30 யூன், திங்கட்கிழமை. அவள் தள்ளி வைக்கக் கேட்டது முதலாவதை. "இன்வொய்ஸின் இறுதித் திகதி" என்று சொன்னால் கணக்குப் பார்க்கிற எவருக்கும் நினைவுக்கு வருவது இரண்டாவதுதான்.

இது சின்னக் குழப்பம் இல்லை. வேலை செய்தவர் தானே எழுத்தில், செலுத்தவேண்டிய திகதியை நீடியுங்கள் என்று கேட்டால், அது பணம் கொடுக்கவேண்டியவருக்குக் கொடுத்த அவகாசம். அவர்கள் "சரி, நீடித்துவிட்டோம்" என்று பதில் போட்டார்களென்றால், பிறகு 30ஆம் திகதி பணம் வரவில்லை என்று இவள் கேட்க முடியாது. கேட்டால் அவர்கள் இவளுடைய கடிதத்தையே எடுத்துக் காட்டுவார்கள், அதில் அவர்கள் பிழையும் இல்லை. இப்படியான கடிதத்தில் புரூப் பார்க்கிறவர் முதலில் தேடவேண்டியது இதைத்தான்: யார், எதை, எந்த நாளுக்குள் செய்யவேண்டும்? ஒவ்வொரு திகதிக்குப் பக்கத்திலும் ஒரு ஆளும் ஒரு வினையும் இருக்கவேண்டும். "இறுதித் திகதி" என்ற சொல்லில் ஆளும் இல்லை, வினையும் இல்லை. "நான் இன்வொய்ஸ் அனுப்பவேண்டிய திகதி" என்று எழுதினால் இரண்டும் வந்துவிடுகின்றன. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேறு விதமாக வாசிக்க முடியாது.

பிறகு அந்தப் பற்றுச்சீட்டு. நம்மூரில் பற்றுச்சீட்டு என்றால் காசு வாங்கியதற்குக் கொடுக்கிற சீட்டு. கடையில், பிரதேச சபையில், கோயில் அருச்சனை மேசையில் எல்லாம் அதுதான் பொருள். இன்வொய்ஸ் காசு கேட்டு அனுப்புவது, பற்றுச்சீட்டு காசு கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு கொடுப்பது. ஒன்று வரவேண்டியதைச் சொல்கிறது, மற்றது வந்ததைச் சொல்கிறது. தம்பிக்குக் காசு வந்துவிட்டதோ என்று பட்டது இதனால்தான்.

"இன்வொய்ஸ் எண்டு ஆங்கிலத்தில எழுதினா வடிவில்ல எண்டுதான் தமிழ்ச் சொல் போட்டன்" என்றாள். அவளுடைய விருப்பம் எனக்கு விளங்கியது. தமிழ்ப் பாடநூல் போடுகிற அமைப்புக்கு எழுதும்போது தமிழிலேயே எழுதவேண்டும் என்று நினைத்தது நல்ல மனம். விலைப்பட்டியல் என்று மாற்றலாமா என்று கேட்டாள். இன்வொய்ஸுக்கு அந்தச் சொல்லைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பொருட்களின் விலைகளை வரிசையாகப் போட்ட தாளையும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். அவர்கள் தங்கள் கடிதத்தில் "இன்வொய்ஸ்" என்றே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நூலாக இருந்தால் எந்தச் சொல் நல்ல தமிழ் என்று நின்று யோசிப்பேன். பணக் கடிதத்தில் எதிரில் இருக்கிறவர் எந்தச் சொல்லைப் பாவிக்கிறாரோ அந்தச் சொல்லையே போடுவேன், கூடவே இலக்கத்தையும். "இன்வொய்ஸ் இலக்கம் 07" என்று எழுதினால் அவர்கள் கோப்பில் தேடி எடுக்கலாம்.

அடுத்தது நாள். கடிதத்தின் மேல் பாதியில் "24ஆம் திகதி வரை நீடித்து" என்றும் கீழே "24ஆம் திகதிக்கு முன்பு கட்டாயம் அனுப்பி வைப்பேன்" என்றும் இருந்தது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். எழுத்தில் முதலாவதில் 24ஆம் திகதியும் சேர்கிறது, இரண்டாவதில் 23ஆம் திகதியோடு முடிகிறது. வங்கி அவளுக்குக் கடிதம் தருவதாகச் சொன்ன நாளோ 23, திங்கட்கிழமை. ஒரு நாள் கையில் இருக்கட்டும் என்றுதான் 24 கேட்டாள். "முன்பு" என்ற சொல் அந்த ஒரு நாளை எடுத்துவிட்டது. "24ஆம் திகதிக்குள்" என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மாற்றினேன்.

அதோடு மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்க்கச் சொன்னேன். எதிர்வரும் 24 என்றால் எந்த 24? கடிதம் ஒரு கிழமை கழித்துத் திறக்கப்பட்டால்? யூன், யூலை இரண்டும் கைபேசித் திரையில் ஒரே சாடை, அவசரமாக வாசிக்கிறவருக்கு மாறிப்போகும். வெறும் இலக்கத்தில் 05.06 மாதிரி எழுதினால் நாங்கள் ஆறாம் மாதம் ஐந்தாம் திகதி என்று வாசிப்போம், கனடாவில் மே மாதம் ஆறாம் திகதி என்று வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். "24 யூன் 2025, செவ்வாய்க்கிழமை" என்று எழுதினால் மாதம் மாறினாலும் கிழமை காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் 24 யூலை வியாழக்கிழமை.

மணியும் இருக்கிறது. மாலை 5 மணி என்பது ரொறன்ரோவின் 5 மணி. கோடைகாலத்தில் அங்கேயிருந்து நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு இருக்கிறோம். அவர்களுடைய வெள்ளிக்கிழமை மாலை 5 மணி எங்களுக்குச் சனிக்கிழமை அதிகாலை 2.30. இவள் எங்கள் 5 மணியை நினைத்துக்கொண்டு அந்தரப்பட்டிருந்தாள். இந்தத் தடவை அது உதவப் போவதில்லை, வங்கி திங்கட்கிழமைதான் தரும். ஆனாலும் "ரொறன்ரோ நேரம்" என்று இரண்டு சொல் சேர்ப்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மணிக்கூடு ஆகிவிடுகிறது.

இனிக் காரணம். சடங்கு, வங்கியில் கூட்டம், முதல் நாள் போனபோது உரிய அலுவலர் இல்லாதது, அப்பாவின் மோட்டார் சைக்கிள் பழுதானது என்று எட்டு வரி எழுதியிருந்தாள். எல்லாம் உண்மை, எனக்குத் தெரியும். வெட்டச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "காரணம் சொல்லாட்டி நம்பமாட்டாங்க அன்ரி."

அவர்களுக்குத் தேவையான காரணம் ஒன்றே ஒன்றுதான். வங்கிக் கணக்கை அவள் பள்ளிக்கூடக் காலத்தில் முதலெழுத்தோடு திறந்திருக்கிறாள். இன்வொய்ஸில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதுகிறாள். போன தடவை அவர்கள் அனுப்பிய பணம், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போய்விட்டது. இது அவர்களுக்கும் தெரிந்த விஷயம், அவர்களுக்கும் தொல்லை கொடுத்த விஷயம். ஆகவே "வங்கிக் கணக்கில் என் பெயரைத் திருத்தியதற்கான கடிதம் 23 யூன் திங்கட்கிழமை கிடைக்கும்" என்ற ஒரு வசனம் போதும். அதில் காரணமும் இருக்கிறது, ஏன் 24 என்பதற்கு விடையும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வந்தவுடன் வாசிக்கிறவர் இவளுடைய கஷ்டத்தைப் பார்க்கத் தொடங்கி, திகதியை விட்டுவிடுவார்.

தமிழில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நம்முடைய வசனத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "நீடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற இடத்துக்கு வரும்வரை இவள் என்ன கேட்கிறாள் என்றே வாசிக்கிறவருக்குத் தெரியாது. அதற்குள் இரண்டு "ஆலும்" வந்துவிட்டன. அந்த அமைப்பின் பொருளாளர் பகலில் வேறு வேலைக்குப் போய் இரவில் இதைப் பார்க்கிறவர் என்று பிள்ளையே சொன்னாள். அப்படிப்பட்டவருக்கு முதல் வசனத்திலேயே கேள்வி தெரியவேண்டும். காரணம் தனி வசனமாகப் பின்னால் வரட்டும்.

மன்னிப்பு மூன்று இடத்தில் இருந்தது. ஒன்றை வைத்தேன். "தாழ்மையுடன்" என்பதை எடுத்துவிட்டேன், செய்த வேலைக்கான பணம் இது. தொடக்கத்தில் "தங்கள்" என்றும் நடுவில் "உங்கள்" என்றும் மாறி மாறி இருந்ததை முழுக்க "உங்கள்" ஆக்கினேன். "ஐயா" என்று தொடங்கியிருந்தாள். முந்திய கடிதத்தின் கீழே வெறும் "பொருளாளர்" என்றுதான் இருந்தது, ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியாது. "பொருளாளர் அவர்களுக்கு" என்று மாற்றினோம்.

ஒன்றைத் தொடாமல் விட்டேன். "நீடித்து" என்பது பிழை, "நீட்டித்து" என்றுதான் எழுதவேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நீடிப்பது தானாக நடப்பது, நீட்டிப்பது நாம் செய்வது என்பது அவர்களின் நியாயம். இலக்கணப்படி அது சரியான பேச்சு. ஆனால் எங்கள் பத்திரிகைகளிலும் அரச அறிவித்தல்களிலும் "கால நீடிப்பு" என்றே வந்து பழகிவிட்டது, வாசிக்கிறவர் எவருக்கும் அதில் தடக்குப்படாது. கடிதத்தின் பொருளை மாற்றாத இடத்தில் எழுதியவருடைய சொல்லை நான் மாற்றுவதில்லை. கடைசியில் பார்த்தால் அந்தச் சொல்லே தேவைப்படவில்லை, அது வேறு விஷயம்.

முடிந்தது என்று நினைத்தபோது, "மகள், இதோட ஏதும் இணைக்கிறியா?" என்று கேட்டேன். இன்வொய்ஸின் வரைவை இணைக்கப் போகிறாளாம். தொகையையும் பக்க எண்ணிக்கையையும் அவர்கள் இப்போதே பார்த்துவைத்தால் 24ஆம் திகதி வேலை சுருங்கும். நல்ல யோசனை. திறந்து காட்டச் சொன்னேன்.

என்னகா இது என்று என் வாயில் வந்துவிட்டது. இன்வொய்ஸின் வலப்பக்க மூலையில் திகதி 24 யூன் என்றும், அதன் கீழே செலுத்தவேண்டிய திகதி 24 யூலை என்றும் இருந்தது. அவள் அதைத் தட்டவில்லை. இணையத்தில் எடுத்த படிவம், இன்வொய்ஸ் திகதியை மாற்றினால் 30 நாளைத் தானே கூட்டிப் போட்டுவிடுகிறது. கடிதத்தில் நாங்கள் ஒரு மணித்தியாலமாகப் பிரித்து எடுத்த இரண்டாவது திகதி, இணைப்பில் சத்தமில்லாமல் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தது. பொருளாளர் கடிதத்தை ஒத்துக்கொண்டாலும், பணம் அனுப்புகிற நாளில் கையில் எடுப்பது கடிதத்தை அல்ல, இன்வொய்ஸை. அதில் 24 யூலை என்று இருந்தால் யூன் 30இல் அனுப்பவேண்டிய அவசரம் இல்லை என்றுதான் எவரும் நினைப்பார். அடுத்த கொடுப்பனவு நாள் 31 யூலை. அந்த இடத்தில் 30 யூன் 2025 என்று கையால் அடிக்க வைத்தேன்.

கடைசியில் அனுப்பிய கடிதம் இதுதான்:

"பொருள்: இன்வொய்ஸ் 07 – நான் அனுப்பவேண்டிய திகதியை 24 யூனுக்கு மாற்றக் கேட்டல்

பொருளாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்காம் ஆண்டு நூலின் பக்க வடிவமைப்புக்கான இன்வொய்ஸை (இலக்கம் 07, 576 கனடிய டொலர்) 20 யூன் வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக 24 யூன் 2025 செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள் (ரொறன்ரோ நேரம்) அனுப்ப அனுமதிப்பீர்களா? பணம் அனுப்பும் திகதியில் மாற்றம் கேட்கவில்லை. அது வழமைபோல 30 யூன் ஆகவே இருந்தால் உதவியாக இருக்கும்.

சென்ற தடவை பெயர் பொருந்தாமல் பணம் திரும்பியது உங்களுக்கு நினைவிருக்கும். வங்கிக் கணக்கில் என் பெயரைத் திருத்தியதற்கான கடிதம் 23 யூன் திங்கட்கிழமை கிடைக்கும். அதன் பிறகே சரியான வங்கி விபரத்தை எழுத முடியும்.

நீங்கள் தொகையை முன்கூட்டியே சரிபார்க்க இன்வொய்ஸின் வரைவை இணைத்துள்ளேன். வங்கி விபரம் மட்டும் அதில் இல்லை. இந்தத் திகதி உங்களுக்கு வசதிப்படாவிட்டால் 20ஆம் திகதிக்கு முன் தெரியப்படுத்துங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

"பணம் அனுப்பும் திகதியில் மாற்றம் கேட்கவில்லை" என்ற வசனம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காசுக்கு அலைகிற மாதிரித் தெரியுமே என்றாள். கேட்கிறது எது, கேட்காதது எது என்று இரண்டையும் எழுதாவிட்டால் திண்ணையில் நடந்தது அங்கேயும் நடக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வைத்துக்கொண்டாள். இதில் முடிவு அவளுடையது. பெயர் அவளுடையது, வாடிக்கையாளரும் அவளுடையவர். நான் காட்டிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் பதில் வந்திருந்தது. 24ஆம் திகதி சரி, ஆனால் மாலை 5 மணி அல்ல, காலை 10 மணிக்குள் வேண்டும், அன்று மத்தியானம் கையொப்பத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது இரவு 7.30. திங்கட்கிழமை பின்னேரம் வங்கிக் கடிதம் கைக்கு வந்தது, அன்றிரவே அனுப்பிவிட்டாள்.

யூலை முதற் கிழமையில் கைபேசிக்கு ஒரு செய்தி போட்டாள். "அன்ரி, காசு வந்திட்டுது. இப்ப அவங்க பற்றுச்சீட்டு கேட்கிறாங்க. எழுதிக்கொண்டு வரட்டா?"

வரச் சொன்னேன். இந்தத் தடவை பார்க்கவேண்டியது ஒரே ஒரு திகதி: காசு அவளுடைய கணக்கில் விழுந்த நாள்.